ஆய்வுச் சாரத்தில் எழுத்துச் சுருக்கங்கள்: எப்போது கைகொடுக்கும், எப்போது காலை வாரும்

ஒரு மருத்துவ ஆய்வுக் கட்டுரை பத்துப் பன்னிரண்டு பக்கம் ஓடும். அதன் தலையில் நிற்கும் சாரத்துக்குப் பல இதழ்கள் 250 சொல் அளவில்தான் இடம் தருகின்றன. அந்த நெருக்கடியில் எழுதுகிறவர் முதலில் தேடிப் போவது எழுத்துச் சுருக்கங்களை. நான்கு சொல் கொண்ட பெயரை நான்கு எழுத்தாக்கிவிட்டால் மூன்று சொல் மிச்சம் என்று தோன்றும். இந்தக் கணக்கை ஒருமுறை முழுசாகப் போட்டுப் பார்த்துவிட வேண்டும். ஏனென்றால் சாரம் போன்ற சின்ன எழுத்தில் அது நினைத்தபடி வருவதில்லை.

இதயநோய்த் துறையில் அடிக்கடி வரும் எல்.வி.இ.எஃப். என்பதை எடுத்துக்கொள்வோம். விரித்தால் ‘இடது வென்ட்ரிக்கிள் வெளியேற்றப் பின்னம்’, நான்கு சொல். முறைப்படி எழுதினால் முதல் தடவை முழுப்பெயரையும் பக்கத்தில் சுருக்கத்தையும் தர வேண்டும். அதற்கே ஐந்து சொல் போய்விடும். அதற்கப்புறம் ஒவ்வொரு தடவையும் ஒரு சொல். முழுக் கட்டுரையில் இந்தப் பெயர் 20 முறை வருகிறது என்றால், சுருக்காமல் 80 சொல், சுருக்கினால் 24 சொல். 56 சொல் லாபம். நல்ல வியாபாரம்தான். அதே பெயர் சாரத்தில் இரண்டே முறை வந்தால்? சுருக்காமல் எட்டு, சுருக்கினால் ஆறு. லாபம் இரண்டு சொல். ஒரே முறை வந்தால் சுருக்கம் ஒரு சொல் நஷ்டம். இரண்டு சொல் பெயர் இரண்டு முறை வந்தால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. படிப்பவர் ஒரு புதிய குறியை மனதில் தூக்கிச் சுமந்ததுதான் மிச்சம்.

அதாவது எழுத்துச் சுருக்கத்தின் பலன் திரும்பத் திரும்ப வருவதில் இருக்கிறது. எழுத்து குறுகக் குறுகத் திரும்ப வருவது குறைகிறது, பலனும் கரைகிறது. சுருக்கமான எழுத்துக்குத்தான் சுருக்கங்கள் அதிகம் வேண்டும் என்ற எண்ணம் தலைகீழானது. நீண்ட கட்டுரையில் தன் இடத்தைச் சம்பாதித்துக்கொண்ட ஒரு சுருக்கம், சாரத்துக்கு வந்ததும் அந்தத் தகுதியை இழந்துவிடுகிறது. அது அங்கே இருப்பதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம், எழுதியவருக்கு அது பழகிப்போய்விட்டது என்பதுதான்.

இன்னொரு வழியில்தான் உண்மையான சிக்கல் நுழைகிறது. முழுப்பெயரைத் தராமல் சுருக்கத்தை மட்டும் போட்டால், அந்த எட்டுச் சொல் இரண்டாகிவிடும். இப்போது லாபம் ஆறு. இடம் போதாத நேரத்தில் இது பெரிய ஆசை. சிலர் தெரிந்தே செய்கிறார்கள். ஆனால் நான் அதிகம் பார்ப்பது தெரியாமல் நடப்பதைத்தான். நீண்ட எழுத்தைக் குறைக்கும்போது முதலில் வெட்டு விழுவது பின்னணி வாக்கியங்களில். முழுப்பெயர் முதன்முதலில் விரித்துச் சொல்லப்பட்டிருப்பதும் அதே பின்னணி வாக்கியங்களில்தான். வாக்கியம் போகிறது, விளக்கமும் அதோடு போகிறது, சுருக்கம் மட்டும் முடிவுகள் பகுதியில் அனாதையாக நிற்கிறது. குறைத்தவருக்கு இது கண்ணில் படாது. அவர் முழு எழுத்தையும் படித்தவர். விளக்கம் அவர் தலையில் இருக்கிறது. அதனால்தான் மருத்துவ இதழ்களும் உளவியல் இதழ்களும் பின்பற்றும் நடைக்கையேடுகள் சாரத்தைத் தனி எழுத்தாகவே கருதச் சொல்கின்றன. சாரத்தில் ஒரு சுருக்கம் வந்தால் அங்கேயே விரிக்க வேண்டும், கட்டுரையில் வரும்போது மறுபடி விரிக்க வேண்டும். ஒன்றில் தந்த விளக்கம் மற்றதற்குச் செல்லாது.

சாரங்களில் சுருக்கம் போடுவது எவ்வளவு பரவலான பழக்கம் என்பதை அட்ரியன் பார்னெட், ஸோயி டபுள்டே என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2020இல் எண்ணிக் காட்டினார்கள். 1950 முதல் 2019 வரை வெளிவந்த 2.4 கோடிக்கும் மேற்பட்ட கட்டுரைத் தலைப்புகளையும், 1.8 கோடிக்கும் மேற்பட்ட சாரங்களையும் அவர்கள் அலசினார்கள். சாரங்களில் 73 சதவீதத்தில் ஒரு சுருக்கமாவது இருந்தது. மொத்தம் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வெவ்வேறு சுருக்கங்கள். அவற்றில் தொடர்ந்து பயன்பட்டவை இரண்டாயிரத்துச் சொச்சம்தான். 79 சதவீதச் சுருக்கங்கள் அத்தனை கோடிச் சாரங்களிலும் தலைப்புகளிலுமாகச் சேர்த்துப் பத்து முறைகூட வரவில்லை. இந்தக் கடைசி எண்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பத்து முறைகூட வராத ஒன்றைத் துறைக்கு உள்ளே இருப்பவரும் கற்றிருக்க முடியாது. அது துறையின் மொழியே அல்ல. ஒரு குழு தன் ஒரு கட்டுரைக்காகச் செய்துகொண்ட குறி. வெளியாருக்கு மட்டுமல்லாமல் பக்கத்து ஆய்வகத்தில் இருப்பவருக்கும் அது புதிது.

சரி, ஒரு சாரத்தை எடுத்து வேலை செய்து பார்ப்போம். கீழே இருப்பது விளக்கத்துக்காக நான் அமைத்தது, எண்களும் கற்பனைதான். ஆனால் இதன் சாயல் இதயநோய் இதழ்களைப் புரட்டியவர்களுக்குப் பழக்கமானது.

“எச்.எஃப்.ஆர்.இ.எஃப். நோயாளிகளில், எஸ்.ஓ.சி.யுடன் சேர்த்துக் கொடுத்த மருந்து 12 மாதங்களில் எச்.எஃப்.எச்.ஐக் குறைத்தது (எச்.ஆர். 0.80, 95% சி.ஐ. 0.69–0.93). எல்.வி.இ.எஃப். 31 சதவீதத்திலிருந்து 36 சதவீதமானது. எச்.ஆர். 6 குறைந்தது. எஸ்.ஏ.இ. இரு குழுக்களிலும் ஏறத்தாழச் சமம்.”

மொத்தம் 28 சொல். ஏழு சுருக்கங்கள், அதில் ஒன்று இரண்டு தடவை. இதயநோய் நிபுணர் இதை ஒரே மூச்சில் படித்துவிடுவார். அவருக்கு முதல் சுருக்கம் எழுத்துக் கூட்டம் அல்ல, ஒரு நோயின் பெயர்: வெளியேற்றப் பின்னம் குறைந்த இதயச் செயலிழப்பு. அவரிடம் போய் அதை விரித்து எழுதினால் அவர் படிப்பது மெதுவாகுமே தவிர, தெளிவு கூடாது. அந்த வாசகருக்கு மட்டும் எழுதப்பட்ட சாரம் என்றால், எச்.ஆர். சிக்கல் ஒன்றைத் தவிர இதில் கைவைக்க அதிகம் இல்லை.

எச்.ஆர். இங்கே இரண்டு ஆளாக வேலை செய்கிறது. முதல் இடத்தில் அது அபாய வீதங்களின் விகிதம்: மருந்து பெற்றவர்களுக்கு ஒவ்வொரு நேரத்திலும் மருத்துவமனையில் சேரும் அபாயம், பெறாதவர்களுடையதில் 0.80 பங்கு. இரண்டாவது இடத்தில் அது நாடித்துடிப்பு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் முதலெழுத்துகள் ஒன்று. நிபுணர் பக்கத்தில் இருக்கும் எண்ணைப் பார்த்துச் சட்டென்று பிரித்துவிடுவார். வெளியார் பிரிக்க மாட்டார். ஒருவேளை நாடித்துடிப்பு என்ற பொருள் மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தால், முதல் அடைப்புக்குறியிலும் அதையே படித்துக்கொண்டு போய்விடுவார். எனக்கு அதிகக் கவலை தருவது இந்த இடம். தெரியாத சுருக்கம் வாசகரை நிறுத்தும். அவர் தேடுவார், யாரையாவது கேட்பார், அல்லது விட்டுவிடுவார். தவறாகத் தெரிந்த சுருக்கம் நிறுத்துவதே இல்லை. தான் தவறாகப் படித்தோம் என்பது அவருக்குத் தெரியவே வராது. எம்.எஸ். என்பது நரம்பு மருத்துவரிடம் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். இதய மருத்துவரிடம் ஈரிதழ் வால்வு குறுகிப்போவது. சி.எச்.டி. ஒரு பிரிவில் இதயத் தமனி நோய், அடுத்த பிரிவில் பிறவியிலேயே வரும் இதயக் குறைபாடு. துறைக்கு வெளியே இருப்பவர் என்றால் பொதுமக்கள் என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. பக்கத்துப் பிரிவில் இருக்கும் மருத்துவரும் இந்தக் கணக்கில் வெளியார்தான்.

அந்தப் பக்கத்துப் பிரிவு மருத்துவருக்காக இந்தச் சாரத்தைத் திருத்த வேண்டுமென்றால் வேலை கொஞ்சம்தான். எல்.வி.இ.எஃப்., சி.ஐ. இரண்டும் அவருக்குத் தெரியும், இருக்கட்டும். எஸ்.ஓ.சி. போய் ‘வழக்கமான சிகிச்சை’ வரட்டும். கூடுவது ஒரே ஒரு சொல். எச்.எஃப்.எச். எடுத்துச் சொல்லாமல் புரியாது, ஒரு முறைதான் வருகிறது, எனவே ‘இதயச் செயலிழப்பால் மருத்துவமனைச் சேர்க்கை’ என்று விரிந்துவிடட்டும். எச்.ஆர். இரண்டில் ஒன்று, நாடித்துடிப்பு என்ற சொல்லாக மாறிவிட்டால் மோதல் தீர்ந்தது.

நோயாளிக்கோ அவர் குடும்பத்துக்கோ எழுதும்போது கதை வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தின் மருந்துப் பரிசோதனை ஒழுங்குமுறை, 536/2014 என்ற எண் கொண்டது, 2022 ஜனவரி 31 முதல் நடைமுறையில் இருக்கிறது. பரிசோதனை முடிந்தபின் அதன் முடிவுகளைச் சாதாரண மக்களுக்குப் புரியும் சாரமாகவும் தர வேண்டும் என்பது அதில் ஒரு விதி. இப்படிப்பட்ட சாரங்களை எழுத உட்காருகிறவர்கள் முதலில் செய்வது, எல்லாச் சுருக்கங்களையும் விரிப்பது. அதோடு வேலை முடிந்துவிட்டது என்று நினைப்பார்கள். முடிவதில்லை. எல்.வி.இ.எஃப். புரியாதவருக்கு ‘இடது வென்ட்ரிக்கிள் வெளியேற்றப் பின்னம்’ மட்டும் எப்படிப் புரியும்? விரிப்பது வேறு, விளக்குவது வேறு. சுருக்கம் புரியாததற்கு எழுத்துகள் காரணமா, பின்னால் இருக்கும் கருத்து காரணமா என்று ஒவ்வொன்றையும் கேட்டுப் பார்க்க வேண்டும். எஸ்.ஓ.சி.யில் தடை எழுத்துகளில்தான், விரித்ததும் விலகிவிடும். எல்.வி.இ.எஃப்.பில் தடை கருத்தில் இருக்கிறது.

அந்த வாசகருக்கு நான் எழுதினால் இப்படி இருக்கும், முதல் வடிவத்தில் இல்லாத 16, 20 என்ற எண்களும் கற்பனைதான்:

“இரத்தத்தை வெளியே தள்ளும் திறன் குறைந்துபோன இதயத்துடன் வாழ்பவர்களுக்கு, வழக்கமான சிகிச்சையோடு இந்த மருந்தும் கொடுக்கப்பட்டது. ஓராண்டில் இதயச் செயலிழப்பு காரணமாக மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் இந்தக் குழுவில் நூற்றுக்கு 16 பேர். மருந்து பெறாத குழுவில் 20 பேர். ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் இரத்தத்தின் பங்கு 31 சதவீதத்திலிருந்து 36 சதவீதமாக உயர்ந்தது. நலமான இதயத்தில் இது பெரும்பாலும் 50 சதவீதத்துக்கு மேல் இருக்கும். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 6 குறைந்தது. இதயச் செயலிழப்பு சாராத பிற தீவிர நிகழ்வுகள் இரு குழுக்களிலும் ஏறத்தாழ ஒரே அளவில் நேர்ந்தன.”

நீளம் இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. இதைக் குறையாக நான் பார்க்கவில்லை. முதல் வடிவத்தின் 28 சொல்லும் வாசகர் தலையில் ஏற்கெனவே இருக்கும் ஒரு பாடத்தை நம்பித்தான் அவ்வளவு குட்டையாக நின்றன. அந்தப் பாடம் இல்லாதவருக்கு அதைச் சொற்களாகத்தான் தர முடியும். இடம் போதவில்லை என்றால் ஒரு தகவலையே விட்டுவிடுவது மேல்; நாடித்துடிப்பு வாக்கியம் போனால் இந்த வாசகருக்குப் பெரிய இழப்பு இல்லை. ஐந்து தகவலைப் புரியாதபடி தருவதைவிட நான்கைப் புரியும்படி தரலாம்.

இதில் இரண்டு இடங்களைப் பற்றிக் கூடுதலாகச் சொல்ல வேண்டும். சி.ஐ. முழுசாகவே காணாமல் போயிருக்கிறது. அதை ‘நம்பக இடைவெளி’ என்று விரித்து வைப்பதில் பயன் இல்லை. ஆனால் அது தரும் எச்சரிக்கை முக்கியம் என்று நினைத்தால், ‘உண்மையான குறைவு 7 சதவீதம் அளவுக்குச் சிறியதாகவோ 31 சதவீதம் அளவுக்குப் பெரியதாகவோ இருக்கக்கூடும்’ என்று ஒரு வாக்கியம் சேர்க்கலாம், 0.93, 0.69 என்ற எண்கள் சொல்வது அதைத்தான். அடுத்தது எஸ்.ஏ.இ., அதாவது தீவிரப் பாதக நிகழ்வு. இதை ‘தீவிரப் பக்கவிளைவு’ என்று எழுதிவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. மருந்தால் வந்ததா இல்லையா என்று பாராமல், மருந்து எடுத்துக்கொண்ட காலத்தில் நடந்த எந்தப் பாதகமான மருத்துவ நிகழ்வும் இந்தக் கணக்கில் வரும். ‘தீவிரம்’ என்பதற்கும் அங்கே தனிப் பொருள் உண்டு: மரணம், உயிராபத்து, மருத்துவமனைச் சேர்க்கை, நிலைத்த ஊனம், பிறவிக் குறைபாடு போன்றவை. தாங்க முடியாத தலைவலி வேதனையில் கடுமையானது. ஆனாலும் அதனால் மருத்துவமனையில் சேராவிட்டால் பெரும்பாலும் இந்தப் பட்டியலில் வராது. மூன்று எழுத்துக்குள் ஒரு சட்ட வரையறை ஒளிந்திருக்கிறது. இப்படிப்பட்டதை விரிப்பவர் வரையறையைத் திறந்து பார்க்காமல் விரிக்கக் கூடாது.

தமிழில் எழுதும்போது கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. ஆங்கில எழுத்துகளின் பெயர்களைத் தமிழில் ஒலிபெயர்த்தால் சுருக்கம் நீள்கிறது. எல்.வி.இ.எஃப். என்பது கண்ணுக்கு நான்கு தனித்துண்டு. ஆங்கிலத்தில் அதே இடம் நான்கு எழுத்தோடு முடிந்துவிடுகிறது. அதோடு வேறு வேறு எழுத்துகள் ஒன்றாகிவிடுகின்றன. இரத்த அழுத்தத்துக்கும் பி.பி., உணவுக்குப் பிந்தைய சர்க்கரைக்கும் பி.பி. காசநோய் டி.பி., தரவுத்தளமும் டி.பி. இசைத்தட்டும் சி.டி., கணினிவழி ஊடுகதிர்ப் படமெடுப்பும் சி.டி. ஆங்கில மூலத்தில் எந்த மோதலும் இல்லாத சாரம் தமிழுக்கு வந்ததும் புது மோதல்களோடு நிற்கும். மூலத்தில் சரிபார்த்தாயிற்று என்று இருந்துவிடாமல், தமிழ் வடிவத்தில் மறுபடி பார்க்க வேண்டிய காரணம் இதுதான். வேற்றுமை உருபு ஒட்டும்போதும் கண் தடுக்குகிறது. மேலே வந்த ‘எச்.எஃப்.எச்.ஐக்’ என்பதில் கடைசி ஐ உருபா, இன்னொரு எழுத்தா என்று ஒரு கணம் நின்றுதான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இவ்வளவும் சொன்னதால் சுருக்கங்களை முழுசாக ஒழிக்க வேண்டும் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வெளியாருக்கும் சுருக்கமே மேலான இடங்கள் உண்டு. டிஎன்ஏ, எச்ஐவி போன்றவை இன்று பெயர்கள். பார்னெட்டும் டபுள்டேயும் எண்ணிய சாரங்களிலேயே அதிகம் வந்தது டிஎன்ஏதான். அதை டீஆக்ஸிரைபோ நியூக்ளிக் அமிலம் என்று விரித்தால் தெரிந்த ஒன்றைத் தெரியாததாக்கியது போலாகும். விதியைக் கடைப்பிடிக்கிறேன் என்று இதையும் விரித்து எழுதுபவர்கள் இருக்கிறார்கள். வாசகர் எந்த வடிவத்தை முதலில் சந்தித்திருப்பார் என்று கேட்டுக்கொண்டால் போதும், இந்த வீண் வேலை மிச்சமாகும்.

வாசகர் வேறு எங்காவது அந்தச் சுருக்கத்தைச் சந்திக்கப் போகிறார் என்றாலும் அதை வைத்துக்கொள்ள வேண்டும். நீரிழிவு உள்ளவருக்கு எழுதும் சாரத்தில் எச்பிஏ1சி என்பதை எடுத்துவிட்டு ‘சராசரிச் சர்க்கரை அளவு’ என்று மட்டும் எழுதினால், படிக்கும்போது இதமாக இருக்கும். பரிசோதனை அறிக்கை கைக்கு வந்ததும் அவர் தடுமாறுவார். அதில் பரிசோதனையின் பெயர் எச்பிஏ1சி என்றுதான் இருக்கும். ‘கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரை நிலையைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனை’ என்று ஒரு முறை எழுதிவிட்டு, அதற்கப்புறம் சுருக்கத்தையே பயன்படுத்தினால், சாரமும் அறிக்கையும் கைகோத்துக்கொள்ளும். இங்கே கிளைகேட்டட் ஹீமோகுளோபின் என்ற விரிவு தேவையே இல்லை. அட்டவணைகளிலும் சுருக்கம் நியாயமானது, அந்த அட்டவணையின் அடியிலேயே பொருள் தரப்பட்டிருந்தால்.

எந்த வாசகருக்கும் கூடாத சுருக்கங்களும் உண்டு. அமெரிக்க மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் ஜாயின்ட் கமிஷன் 2004இல் மருந்துக் குறிப்புகளில் பயன்படுத்தவே கூடாத சுருக்கங்களின் பட்டியல் ஒன்றை வகுத்தது. அதில் MSO4, MgSO4 இரண்டும் இருக்கின்றன. முன்னது மார்ஃபின் சல்ஃபேட்டுக்கு எழுதும் சுருக்கம், பின்னது மெக்னீசியம் சல்ஃபேட்டின் வாய்பாடு. ஒன்று வலிக்குத் தரும் வீரியமான மருந்து, மற்றது தாது உப்பு. நடுவே ஒரு சின்ன எழுத்துதான் வேறுபாடு. ‘யூனிட்’ என்பதற்கு U என்று ஒற்றை எழுத்துப் போடுவதும் அதே பட்டியலில் உண்டு. கையெழுத்தில் அது பூஜ்யம் போல விழுந்தால் 10 யூனிட் இன்சுலின் 100 ஆகிவிடும். இவற்றை எழுதியவரும் படித்தவரும் துறைக்கு உள்ளே இருந்தவர்கள். அளவும் மருந்தும் வரும் இடத்தில் ஓர் எழுத்தை மிச்சம் பிடிப்பது எனக்கு எந்தக் கணக்கிலும் சரியாகப் படவில்லை. தமிழில் மி.கி., மை.கி. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வரும் சாரத்திலும் இதே ஆபத்து இருக்கிறது: மில்லிகிராமுக்கும் மைக்ரோகிராமுக்கும் ஆயிரம் மடங்கு வித்தியாசம், எழுத்தில் ஓர் உயிர்க்குறி வித்தியாசம். முழுசாக எழுதிவிட வேண்டியதுதான்.

நடைமுறையில் இதைச் சரிபார்க்க ஏற்ற நேரம் வெட்டும் வேலை எல்லாம் முடிந்தபிறகுதான். முன்னாடி பார்த்தால் பயன் இல்லை. வாக்கியங்கள் அதற்கப்புறமும் நகரும், போகும். சாரம் நிலைத்ததும், ஒவ்வொரு சுருக்கத்தையும் திரையில் தேடல் பெட்டியில் இட்டு எத்தனை முறை வருகிறது, முதலில் எங்கே வருகிறது என்று பார்க்கலாம். தமிழில் புள்ளி வைத்தும் வைக்காமலும் எழுதும் பழக்கம் இருப்பதால் இரண்டு வடிவத்தையும் தேட வேண்டும். ஒரே முறை வருவதை எடுத்துவிடலாம். இரண்டு முறை வருவதில், இரண்டாவது இடத்தில் ‘இந்த அளவு’, ‘அந்தச் சேர்க்கை’ என்று சுட்டினாலே பெரும்பாலும் போதும். பிறகு முடிவு வாக்கியத்தை மட்டும் தனியாக வெட்டி எடுத்துப் படிக்க வேண்டும். பலர் சாரத்திலும் கடைசி வாக்கியத்துக்குத்தான் நேராகப் போகிறார்கள். மேற்கோளாக வேறு இடங்களுக்குப் போவதும் அதுதான். அந்த வாக்கியத்தில் ஒரு சுருக்கம் இருந்தால், அது நாலு வாக்கியம் முன்னால் விரிக்கப்பட்டிருந்தாலும், அங்கே மறுபடி முழுப்பெயரையே போட்டுவிடுவேன்.